மங்கிய ஹெட்லைட்டுக்கு ரிலே ஹார்னஸா, அதிக வாட் பல்பா, எல்.இ.டி.யா?

பழைய அம்பாசடரின் ஏழு அங்குல வட்ட விளக்குகள் மங்கலாக எரிந்தால், கடைக்காரர் முதலில் நீட்டுவது பிரைட்டில் 100, டிம்மில் 90 வாட் எடுக்கும் 100/90 வாட் பல்பு, அடுத்தது எல்.இ.டி. மூன்றாவது வழி, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துத் தரும் ரிலே ஹார்னஸ், அதாவது சிறு மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகளான ரிலேக்களும் தனி வயர்களும் கொண்ட தொகுப்பு. என் வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது அதைத்தான். ஆகவே இந்த அலசல் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

தேர்வைத் தீர்மானித்தது மல்டிமீட்டர். இன்ஜினை ஓடவிட்டு, டிம் விளக்கைப் போட்டு, பல்பு மாட்டியிருக்கும் நிலையிலேயே அதன் முனைகளில் அளந்தேன். பேட்டரியில் 13.6 வோல்ட், பல்பில் 11.4 மட்டுமே. மீதி 2.2 வோல்ட் ஸ்விட்சின் தேய்ந்த முனைகளிலும், டிம்-பிரைட் மாற்றும் டிப்பரிலும், மெல்லிய பழைய வயரிலும், துருப்பிடித்த எர்த்திலும் கரைந்துவிடுகிறது. ஹாலஜன் பல்பின் ஒளி, வோல்டேஜின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், இந்த இழப்பு எண்ணில் தெரிவதைவிடப் பெரியது. பல்பின் சோதனை வோல்டேஜான 13.2 வோல்ட்டில் கிடைக்க வேண்டிய ஒளியில் அறுபது சதவீதம்தான் சாலையில் விழுந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில் 100/90 வாட் பல்பைப் போட்டால் என்ன ஆகும்? அந்தப் பாதையின் தடை ஏறத்தாழ கால் ஓம். டிம்மில் இப்போதுள்ள 55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து எட்டரை ஆம்பியர் இழுக்கின்றன. 90 வாட் பல்புகள் பதின்மூன்று ஆம்பியரை நெருங்கும். அப்போது இழப்பு மூன்று வோல்ட்டைத் தாண்டும், ஸ்விட்சிலும் வயரிலும் எழும் சூடு இரண்டு மடங்குக்கு மேலாகும். கூடுதல் வாட்டின் கணிசமான பகுதி சாலைக்கு வராமல் ஸ்விட்சிலும் வயரிலுமே எரிகிறது என்பதே இதன் பொருள். பல்பின் பிளாஸ்டிக் சாக்கெட் உருகுவதும் இப்படித்தான்.

எல்.இ.டி. குறைந்த மின்சாரமே எடுப்பதால் வயர் இழப்பு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அது உண்மையான நன்மை. ஆனால் இந்த விளக்குகளில் போடும் ஹெச்4 என்ற இரட்டை இழைப் பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு மறைப்புத் தகடு உண்டு. ஒளி மேலே போகாமல் நிற்கும் வெட்டுக்கோடு அதனாலேயே அமைகிறது. எல்.இ.டி. சில்லுகள் அந்த இழையின் இடத்தில் துல்லியமாக உட்காராவிட்டால், எதிரே வருபவரின் கண் கூசும். நான் இதை நண்பரின் வண்டியில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆகவே நீண்டகால உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ரிலே ஹார்னஸில் பழைய வயர் கட்டளை மட்டுமே தருகிறது. விளக்குக்குப் போகும் மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு வந்து, 87 வழியாகப் பல்புக்குச் செல்கிறது. 85, 86 ஆகியவை ரிலேயை இயக்கும் சுருளின் முனைகள். ஒவ்வொரு சுருளும் எடுப்பது ஓர் ஆம்பியரில் சிறு பங்கு என்பதால், பழைய ஸ்விட்ச் சூடாவது நின்றுவிடுகிறது. அசல் ஸ்விட்ச் கிடைப்பது அரிதாகிவரும் ஒரு வண்டியில், வெளிச்சத்தைவிட இதையே பெரிய லாபமாக நான் கருதுகிறேன். மலிவான ரிலேயை மாற்றுவது எங்கே, ஸ்விட்சைத் தேடி அலைவது எங்கே!

பலர் கோட்டைவிடுவது எர்த்தில். என் 2.2 வோல்ட் இழப்பில் 0.4 எர்த் பக்கம்தான் இருந்தது. பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் புதுப்பித்திருந்தால் அது அப்படியே தங்கியிருக்கும். ஆகவே 2.5 சதுர மி.மீ. வயரைப் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் ஒரே கனத்தில் போட்டு, எர்த்தைப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோனேன். இப்போது அதே பல்பில் 13.3 வோல்ட் நிற்கிறது. கணக்குப்படி ஒளி முன்பைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு. பல்பு அதே 60/55 வாட்தான்.

குறைகளும் உண்டு. வோல்டேஜ் கூடினால் பல்பின் ஆயுள் குறையும், ஆல்டர்னேட்டர் 14.5 வோல்ட்டைத் தாண்டித் தரும் வண்டியில் முதலில் ரெகுலேட்டரைச் சரிசெய்ய வேண்டும். ரிஃப்ளெக்டரின் பளபளப்பான பூச்சு கருத்திருந்தால் எந்த ஹார்னஸும் உதவாது. அளந்து பார்க்கையில் மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருந்தாலும் இந்தச் செலவு வீண். பாசிட்டிவுக்குப் பதில் எர்த் பக்கத்தில் ஸ்விட்ச் செய்யும் வண்டிகளும் இருப்பதால், பல்பு சாக்கெட்டின் பொது முனையில் பன்னிரண்டு வோல்ட் வருகிறதா என்று பார்த்த பிறகே ஆயத்த ஹார்னஸை வாங்க வேண்டும்.

பொருத்தும்போது பியூஸைப் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வைக்க வேண்டும். அதற்கு முந்தைய வயர் வண்டியின் உடலில் உரசினால் காக்க எதுவும் இல்லை. டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலேயும் தனித்தனி பியூஸும் இருந்தால், ஒன்று போனாலும் இன்னொன்றை வைத்து வீடு சேரலாம். ரிலேக்களை முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டினால் மழைநீர் உள்ளே தேங்காது.