ஒரு வரவேற்பு மேசை, மூன்று விளம்பரங்கள்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் பதினான்கு அறைகள் கொண்ட விடுதி ஒன்றை என் மாமா நடத்துகிறார். வரவேற்பு மேசையில் நான்கு ஆண்டுகள் இருந்த பெண் திருமணமாகி மட்டக்களப்புக்குப் போகிறார். அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்க மாமா ஒரு விளம்பரம் எழுதி, "எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் தாரும், மருமகன்" என்று அனுப்பினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

"முன்னணி விடுதிக்கு வரவேற்பு உத்தியோகத்தர் தேவை. மும்மொழிகளிலும் சரளமான தேர்ச்சி, கணினி அறிவு, போதிய முன்அனுபவம், கவர்ச்சியான தோற்றம், எந்நேரமும் பணியாற்றும் மனவுறுதி அவசியம். வயது 18–30. பட்டதாரிகளுக்கு முன்னுரிமை. தகுதிக்கேற்ற சம்பளம்."

இதைப் பார்த்த அவருடைய மகன், இத்தனை நிபந்தனை எதற்கு என்று ஒரே வரியில் இன்னொன்றை எழுதினான்: "வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை. இருபாலாரும் நேரில் வரலாம்." மூன்றாவது நான் எழுதியது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் விளம்பரத்தை ஒரே கேள்வியால் சோதித்தேன். போகப்போகிற பெண் இன்று புதிதாக வேலை தேடினால், இதைப் பார்த்து விண்ணப்பிப்பாரா? அவர் உயர்தரம் வரை படித்தவர். வந்தபோது விடுதி அனுபவம் எதுவும் இல்லை. சிங்களம் நன்றாகப் பேசுவார், எழுதத் தெரியாது. விளம்பரத்தின்படி மூன்று இடங்களில் தோற்றுவிடுவார். மாமாவோ அவரைப் போல் இன்னொருவர் கிடைக்கமாட்டாரா என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தார். முந்தையவரின் தகைமையோடு விளம்பரத்தை ஒப்பிடுவதைவிட விரைவான சோதனை எனக்குத் தெரியாது.

"மும்மொழிகளிலும் சரளமான தேர்ச்சி" என்பதில்தான் பெரிய சிக்கல். திருகோணமலையில் சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் பேசியே வளர்ந்தவர்கள் ஏராளம். அவர்களில் நிதானமான ஒருவர் "சரளம்" என்ற சொல்லைப் படித்ததும் தமக்குச் சிங்கள எழுத்து வராதே என்று நினைத்து விலகிவிடுவார். மூன்று மாத ஆங்கில வகுப்பு முடித்த துணிச்சல்காரர் அதே சொல்லைப் பார்த்து, தாம் சரளம்தானே என்று விண்ணப்பிப்பார். அளவு சொல்லாத நிபந்தனையை நேர்மையானவர் இறுக்கமாகவும் மற்றவர் தளர்வாகவும் வாசிக்கிறார். ஆகவே சலித்தெடுப்பது தலைகீழாக நடக்கிறது. நேர்முகப் பரீட்சைக்கு முன்பே நல்லவர்கள் கழன்றுவிடுகிறார்கள். விளம்பரம் போட்டவருக்கு இது தெரியவே தெரியாது. விண்ணப்பிக்காதவரின் கடிதம் யார் மேசைக்கும் வருவதில்லை.

2014இல் தாரா மோர் என்பவர், பெரும்பாலும் அமெரிக்கர்களான ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண் பெண் ஊழியர்களிடம், கேட்ட தகைமைகளில் சில தம்மிடம் இல்லாத வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டார். "கேட்ட தகைமை இல்லை, எடுக்கமாட்டார்கள், நேரம்தான் வீண்" என்ற பதிலே இரு பாலாரிடமும் அதிகம் வந்தது. வேலையைச் செய்ய முடியாது என்று நினைத்து விலகியவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். அமெரிக்காவில் கேட்ட பதில் உப்புவெளிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நிபந்தனைப் பட்டியலைச் சட்டமாக வாசிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவில்லை.

அதனால் மாமாவிடம் மேசையில் ஒரு நாள் என்ன நடக்கிறது என்று கேட்டேன். கொழும்பிலிருந்து வரும் குடும்பங்களோடு தொலைபேசியில் சிங்களத்தில் பேச வேண்டும். முன்பதிவு மின்னஞ்சல்களுக்கு ஆங்கிலத்தில் நான்கைந்து வரிகளில் பதில் எழுத வேண்டும். புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர்களோடும் சமையலறையோடும் தமிழில் பேச வேண்டும். சிங்களத்தில் எழுத வேண்டிய வேலை? அது கணக்காளரிடம் போகும் என்றார். அவ்வளவுதான், நிபந்தனை தானாகவே வந்துவிட்டது: "சிங்களத்தில் தொலைபேசியில் பேசத் தெரிய வேண்டும், எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் குறுகிய மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டும்." இதை நேர்முகப் பரீட்சையில் பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். சோதிக்க வழியில்லாத "மனவுறுதி" போன்றவற்றை வெட்டிவிட்டேன். "கணினி அறிவு" என்பது அறை முன்பதிவை எக்செல் தாளில் பதிவதுதான். வந்த பிறகு இரண்டு நாளில் கற்றுக்கொடுக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"எந்நேரமும்" என்பது இதைவிட மோசமான சொல். உண்மையில் இரண்டு முறைகள்தான்: காலை ஆறு முதல் இரண்டு, பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து. "எந்நேரமும்" என்றதும் வீட்டில் எழும் கேள்வி, இரவில் பிள்ளை எப்படித் திரும்பும் என்பது. சமையல்காரர்களை இரவில் வீடுவரை கொண்டுபோய் விட விடுதியின் முச்சக்கரவண்டி ஏற்கெனவே ஓடுகிறது. அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

சம்பளமும் அப்படியே. விடுதி வேலையில் அடிப்படைச் சம்பளத்தோடு, பில்லில் சேர்க்கும் பத்து வீதச் சேவைக் கட்டணத்தின் பங்கும் வரும். கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை அது நிறையும், மாரி மழையில் வற்றும். ஆகவே அடிப்படைத் தொகையை இலக்கத்தில் எழுதி, சேவைக் கட்டணம் பருவத்துக்கேற்ப மாறும் என்றும், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்டுவார் என்றும் சேர்த்தேன். வேறிடத்தில் வேலை செய்பவர் இதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார். "தகுதிக்கேற்ற சம்பளம்" என்பதைப் படித்தால், குறைவு போலும் என்றே நினைப்பார்.

மகனின் ஒற்றை வரிக்கு வருகிறேன். அது யாரையும் துரத்தவில்லை என்பது உண்மை. பக்கத்துத் தெருவில் உள்ள கடைக்கு அது போதும். ஆனால் கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ ஒருவர் என்ன வேலை, என்ன நேரம், எவ்வளவு சம்பளம் என்று தெரியாமல் ஒரு நாளையும் பஸ் காசையும் செலவழித்து வரவேண்டும். வேலையில் இருப்பவர் அதற்காக விடுப்பு எடுக்கமாட்டார். நீண்ட விளம்பரமும் குட்டி விளம்பரமும் செய்வது ஒன்றே: இரண்டும் வேலையை மறைக்கின்றன. எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், இரண்டில் குட்டியே மேல். குறைந்தபட்சம் அது பொய் சொல்லவில்லை.

என்னுடையதிலும் குறை உண்டு. நீளம். பத்திரிகையில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே வேலை, நேரம், அடிப்படைச் சம்பளம் மூன்றையும் பத்திரிகைக்கும், முழு விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பக்கத்துக்கும் பிரித்தோம். ஒரு நிபந்தனையை நானே கடுமையாக்கினேன்: "ஆகஸ்ட் மாதத்தில் விடுப்புக் கிடைக்காது." இது சிலரைத் துரத்தும், துரத்தட்டும். ஆகஸ்டில் திருவிழாவுக்கு ஊர் போக வேண்டியவர் ஜூனில் சேர்ந்து ஜூலையில் சண்டை பிடிப்பதைவிட இப்போதே விலகுவது நல்லது.

வயது எல்லையை எடுக்க மாமா தயங்கினார். நாற்பது வயதில் ஆங்கிலம் தெரிந்த பழைய தட்டெழுத்தாளர் வந்தால் திருப்பி அனுப்புவீர்களா என்றேன். "அனுப்பமாட்டேன்" என்று முனகிக்கொண்டே அடித்துவிட்டார். பட்டதாரி முன்னுரிமையை மட்டும் விடவில்லை. அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை மிஞ்சவில்லை.

தோற்றத்தில் கடைசிவரை நின்றார். கவர்ச்சி என்றால் என்ன என்று கேட்டேன். சுத்தமான, மடிப்புக் கலையாத உடை என்றார். உடையை விடுதிதானே கொடுக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த இடத்தில் தம் கையாலேயே எழுதினார்: "சீருடை வழங்கப்படும்."