விளம்பரக் கிளிக்கிலிருந்து மாத வருமானம் வரை: எந்த மரத்தை வரைவது?

ஆன்லைனில் புடவை விற்கும் ஒரு கடை. எண்கள் கணக்குக்காக நானே வைத்தவை. மாதம் 1,20,000 ரூபாய் விளம்பரச் செலவு, கிளிக்குக்கு 6 ரூபாய் என்று 20,000 கிளிக். 600 ஆர்டர், சராசரி பில் 1,500 ரூபாய், வருமானம் 9 லட்சம்.

இந்த வருமானம் எவையெவற்றால் ஆகிறது என்று கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் படத்தைத்தான் மரம் என்கிறேன். பலரும் முதலில் வரைவது பெருக்கல் மரம்:

```
வருமானம் = கிளிக் × வாங்கும் விகிதம் × சராசரி பில்
9,00,000 = 20,000 × 3% × 1,500
```

கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த 3% எப்படி வந்தது? மொத்த ஆர்டரைக் கிளிக்கால் வகுத்து வந்தது. அப்படியானால் பொருந்தாமல் எங்கே போகும்! அந்த 600-இல் 200 ஆர்டர், வாட்ஸ்அப் செய்தி பார்த்துத் திரும்பி வந்த பழைய வாடிக்கையாளர்களுடையது.

இன்னொன்று, வேரிலேயே இரண்டாகப் பிரியும் மரம். ஒரு கிளை புதியவர்கள்: 20,000 கிளிக்கில் 2%, அதாவது 400 ஆர்டர். மறு கிளை பழையவர்கள்: முன்பு வாங்கிய 2,000 பேரில் 10%, அதாவது 200 ஆர்டர்.

அடுத்த மாதம் செலவை 1,80,000 ஆக்கி 30,000 கிளிக் வாங்குகிறோம். முதல் மரம் 900 ஆர்டர் வரும் என்கிறது. வந்ததோ 650. உடனே ‘விகிதம் 3-இலிருந்து 2.2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, தளத்தில்தான் கோளாறு’ என்று பக்கத்தை மாற்றி வடிவமைக்கக் கிளம்புவார்கள். இரண்டாம் மரத்தைப் பாருங்கள். பழையவர்கள் அதே பக்கத்தில் அதே 200 ஆர்டர் போட்டிருக்கிறார்கள். புதியவர்கள் 400-இலிருந்து 450. கூடுதல் 60,000 ரூபாய்க்குக் கிடைத்தது 50 ஆர்டர், ஒன்றுக்கு 1,200 ரூபாய். முதல் 400-க்கு ஆன செலவு ஆளுக்கு 300தான். கோளாறு பக்கத்தில் இல்லை. வாங்கும் எண்ணம் குறைந்தவர்களிடமும் விளம்பரம் போயிருக்கிறது. பெருக்கல் மரம், கிளிக்கைக் கூட்டினாலும் விகிதம் அசையாது என்று நம்ப வைக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இரண்டாம் மரத்துக்கு உழைப்பு அதிகம். ஆர்டர் பட்டியலில் உள்ள போன் எண்களைப் பழைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். தோழி சொல்லி வந்த புதியவர்களுக்குத் தனிக் கிளை வேண்டும், இல்லாவிட்டால் அவர்களும் விளம்பரக் கணக்கில் ஏறிவிடுவார்கள்.

எந்த மரமானாலும் தேதியில் கவனம். 28-ஆம் தேதி கிளிக் செய்து 3-ஆம் தேதி வாங்கினால், கூகுள் ஆட்ஸ் வழக்கமான பத்தியில் அதைக் கிளிக் நடந்த மாதத்தில் சேர்க்கும். கடைக் கணக்கோடு ஒப்பிட `Conversions (by conv. time)` பத்தியை எடுங்கள்.

சரி, பெருக்கல் மரம் யாருக்குப் போதும்? கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் போல, ஒருவர் திரும்பி வருவது அபூர்வமான தொழிலுக்கு. அங்கே பழையவர் கிளையில் தொங்க ஒன்றும் இருக்காது.