மினிமம் டியூ கட்டிக்கொண்டே வந்தால் மாதாமாதம் உண்மையில் எவ்வளவு போகிறது?

கிரெடிட் கார்டை வருடக்கணக்கில் பயன்படுத்தி, பாக்கியைத் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் ஸ்டேட்மென்ட்டில் பார்ப்பது மினிமம் டியூ என்ற ஒரே எண்ணைத்தான். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி நிற்காது.

மாத வட்டி 3.5%, அதாவது ஆண்டுக்கு 42%. மினிமம் டியூ பாக்கியில் 5% என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 5 அன்று 50,000க்கு ஒரு பொருள் வாங்கியாகிறது. ஜூன் 30 ஸ்டேட்மென்ட்டில் வட்டி இல்லை. மினிமம் டியூ 2,500. கெடு ஜூலை 20, அன்றே 2,500 கட்டியாகிறது.

பலர் எதிர்பார்ப்பது மீதி 47,500க்கு ஒரு மாத வட்டி, சுமார் 1,660. ஆனால் முழுத்தொகை கட்டாததால் வட்டியில்லாக் காலம் ரத்தாகிறது. பெரும்பாலான கார்டுகளில் வட்டி வாங்கிய நாளிலிருந்தே ஓடும். 50,000க்கு ஒரு நாள் வட்டி 57.53. ஜூன் 5 முதல் ஜூலை 19 வரை 45 நாளுக்கு 2,589. பிறகு 47,500க்கு ஜூலை 31 வரை 12 நாளுக்கு 656. மொத்தம் 3,245. கட்டியது 2,500, ஏறியது 3,245. சொன்ன தொகையைச் சொன்ன நாளில் கட்டியும் பாக்கி 50,745 ஆகிவிட்டது! வட்டிக்கு வரி உள்ள நாடுகளில் இன்னும் கூடும்.

அடுத்த மாதத்திலிருந்து வட்டி ஏறக்குறைய 1,750ல் நிற்கும். மினிமம் டியூ சுமார் 2,540. ஆக, கடன் குறைவது 790 மட்டுமே. இந்த 1,750தான் பாக்கி வைத்திருப்பதன் மாத விலை. அதைத்தான் வீட்டு பட்ஜெட்டில் எழுத வேண்டும், 2,540ஐ அல்ல.

உங்கள் கார்டுக்கு இதைக் கணக்கிட, ஸ்டேட்மென்ட்டில் வட்டி, அதன் மேலான வரி, கட்டணங்கள் மூன்றையும் கூட்டி, அந்த மாதச் சராசரி பாக்கியால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். விளம்பரத்தில் சொன்ன மாத வட்டியைவிட விடை கணிசமாகக் கூடினால், காரணம் வரியும் கட்டணங்களுமாகவோ, வாங்கிய நாளிலிருந்து சேர்த்துப் போட்ட வட்டியாகவோ இருக்கும். புதுச் செலவுகளையும் கவனிக்க வேண்டும். பாக்கி இருக்கும்வரை அவற்றுக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கும். மேலே சொன்ன கார்டில் ஜூலை 10 அன்று 10,000க்கு ஏதாவது வாங்கியிருந்தால் அந்த மாதமே 253 கூடியிருக்கும். அதனால் பாக்கி உள்ள கார்டில் புதிதாக எதையும் தேய்க்காமல் இருப்பதே நல்லது.

வட்டி நாள்கணக்கு என்பதால் கெடுவரை காத்திருக்கவும் அவசியமில்லை. 10,000ஐ 20ஆம் தேதிக்குப் பதிலாக 1ஆம் தேதியே கட்டினால் 219 மிச்சம். ஸ்டேட்மென்ட் வந்த பிறகு கட்டுவதே சரி என்ற எண்ணம் பாக்கி வைத்திருப்பவருக்குப் பொருந்தாது.

முழுத்தொகையையும் கட்டிய பிறகு அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சிறிய வட்டி வந்தால் அது தவறல்ல. கடைசி ஸ்டேட்மென்ட் தேதி முதல் பணம் சேர்ந்த நாள் வரைக்கான வட்டி அது. சின்னத் தொகைதானே என்று விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் சேரலாம். வட்டி என்ற இடத்தில் சுழியம் வரும்வரை ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்கள்.