வகுபடுதல் நிறுவலில் பிரதியிடலா, கழித்தலா?

5ⁿ + 2·11ⁿ எப்போதும் 3-ஆல் வகுபடும் என்று கணிதத் தொகுத்தறிதல் மூலம் நிறுவச் சொல்லும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இக்கோவையை f(n) என்போம். n = 1 எனில் 5 + 22 = 27; அதில் சிக்கல் இல்லை. k-இலிருந்து k+1-க்குப் போகும் படியில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

கழித்தல் வழியில் பலர் f(k+1) − f(k) என்று தொடங்குவார்கள். 9ⁿ − 1 போன்ற கோவைக்கு அது 8·9ᵏ என்று உடனே முடிந்துவிடும். இங்கேயோ 4·5ᵏ + 20·11ᵏ வருகிறது. இதில் 3 கண்ணுக்குத் தெரியவில்லை. பலர் இங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இதையே 4f(k) + 12·11ᵏ என்று எழுதினால் வழி திறக்கும். முதலிலேயே f(k+1) − 5f(k) எடுத்திருந்தால் 12·11ᵏ நேராகக் கிடைத்திருக்கும். ஆனால் அந்த 5 முன்கூட்டியே தோன்ற வேண்டுமே!

பிரதியிடலில் அப்படி எதுவும் தோன்ற வேண்டியதில்லை. f(k) = 3m, m ஒரு முழு எண் என்று கொண்டால் 5ᵏ = 3m − 2·11ᵏ. அப்போது

f(k+1) = 5·5ᵏ + 22·11ᵏ
= 5(3m − 2·11ᵏ) + 22·11ᵏ
= 3(5m + 4·11ᵏ)

தேர்வு அறையில் நான் இதையே எழுதுவேன். கருதுகோளை எங்கே பயன்படுத்தினோம் என்பது திருத்துபவருக்கும் பளிச்சென்று தெரியும். கழித்தலில் வித்தியாசம் 3-இன் மடங்கு என்று காட்டியதோடு நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. f(k)-உம் 3-ஆல் வகுபடுவதால் f(k+1) வகுபடுகிறது என்ற வரி இல்லாவிட்டால் நிறுவல் முழுமையடையாது. பிரதியிடலில் விடுபடுவது பெரும்பாலும் ‘m ஒரு முழு எண்’ என்ற சொற்கள்தான்.