எஸ்பெராண்டோவும் அந்த ஒற்றை 'ன்' எழுத்தும்

எஸ்பெராண்டோ கற்கலாமா, இல்லை அதைத் திருத்திச் செய்த இடோவைக் கற்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல வருடங்களாக எஸ்பெராண்டோவில் படித்தும் எழுதியும் பேசியும் வருகிறேன். அதனால் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எல்லா நாட்டவரும் பொதுவாகப் பேச என்று ஸமென்ஹோஃப் தானே உருவாக்கி 1887-இல் வார்சாவில் வெளியிட்ட மொழி, 16 விதிகளில் அடங்கும் இலக்கணம் என்பதெல்லாம் நண்பருக்கே தெரியும்.

முதலில் எனக்கு இன்றும் அலுக்காத விஷயம், சொல் கட்டும் முறை. 'சானா' என்றால் நலமான. முன்னால் 'மால்' சேர்த்தால் எதிர்ப்பொருள்: 'மால்சானா', நோயுற்ற. 'உல்' சேர்த்தால் ஆள்: 'மால்சானுலோ', நோயாளி. 'ஏய்' சேர்த்தால் இடம்: 'மால்சானுலேயோ', மருத்துவமனை. அகராதியில் தேடிப் பார்க்காத சொல்லை நானே கட்டிச் சொன்னால், எதிரில் இருப்பவர் உடனே புரிந்துகொள்கிறார். ஒட்டு ஒட்டாகச் சேர்த்துப் பேசியே வளர்ந்த நமக்கு இது முதல் நாளிலேயே வசப்படும்.

என்னை விடாமல் எரிச்சல்படுத்துவது செயப்படுபொருளில் ஒட்டியே ஆக வேண்டிய 'ன்'. நமக்கும் இரண்டாம் வேற்றுமை உண்டு. ஆனால் 'புத்தகம் படிக்கிறேன்' என்று 'ஐ' இல்லாமலே சொல்லிவிட்டுப் போகிறோம். எஸ்பெராண்டோவில் அந்தச் சலுகை கிடையாது. 'மி லேகாஸ் லிப்ரோன்' என்றுதான் சொல்ல வேண்டும். புதிய புத்தகம் என்றால் பெயரடைக்கும் அதே 'ன்': 'நோவான் லிப்ரோன்'. பன்மை வந்தால் 'நோவாய்ன் லிப்ரோய்ன்'. ஒரே செய்தியை இரண்டு முறை சொல்ல வைப்பதற்கு என்ன அவசியம்? உலகத்துக்கே எளிய மொழி என்று சொல்லிக்கொண்டு இதை வைத்திருப்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. வேகமாகப் பேசும்போது பலர் இதை விழுங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் யாருக்கும் எதுவும் புரியாமல் போவதில்லை.

சரி, அந்த 'ன்' செய்யும் வேலையையும் சொல்லிவிட வேண்டும். 'மி ஃபார்பிஸ் லா மூரோன் பிளாங்கான்' என்றால் வெள்ளைச் சுவருக்கு வண்ணம் அடித்தேன். கடைசி 'ன்' போய் 'பிளாங்கா' என்று முடிந்தால், சுவருக்கு வெள்ளை அடித்தேன். அதேபோல, பூனை 'சூர் லா தாப்லோ' குதித்தால் மேசை மேலேயே நின்று குதிக்கிறது. 'சூர் லா தாப்லோன்' என்றால் கீழிருந்து மேசை மேல் தாவுகிறது. அழகான ஏற்பாடுதான். ஆனால் இப்படி அது தேவைப்படும் வாக்கியங்கள் எத்தனை? அவற்றுக்காக மற்ற எல்லா வாக்கியங்களிலும் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

இந்த எரிச்சல் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1894-இல் ஸமென்ஹோஃபே ஒரு சீர்திருத்தத் திட்டத்தை முன்வைத்தார். இந்த 'ன்', பெயர்ச்சொல்லுக்கு ஏற்பப் பெயரடையும் மாறும் பெயரடை இயைபு, தலையில் குறி போட்ட எழுத்துகள் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்பது அதில் இருந்தது. எஸ்பெராண்டோ பத்திரிகையின் சந்தாதாரர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையினர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே கற்றவர்களுக்குத் தங்கள் உழைப்பும் அச்சான புத்தகங்களும் வீணாகும் என்றால் யார் சம்மதிப்பார்கள்? 1905-இல் பிரான்சின் பூலோன் நகரில் கூடிய முதல் உலக மாநாடு, அடிப்படை விதிகளை யாரும், ஸமென்ஹோஃப் உட்பட, மாற்றக் கூடாது என்றே அறிவித்தது.

இரண்டே வருடத்தில், 1907-இல், பாரிஸில் கூடிய குழு ஒன்றிலிருந்து இடோ கிளம்பியது. பெயரடை இயைபு போனது, குறி போட்ட எழுத்துகள் போயின. 'ன்' மட்டும், செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வரும்போது தேவை என்று நின்றது. நான் கேட்பது அப்படியே இதுதான்! ஆனால் திருத்த வந்தவர்கள் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த மொழியியலாளர் எஸ்பெர்சன் 1928-இல் நோவியால் என்று தனியாக இன்னொரு மொழியையே செய்தார். இதற்கெல்லாம் முன்பே, ஷ்லையர் என்பவர் இதேபோல் பொதுமொழியாக உருவாக்கிய வோலாப்யூக்கும், மாற்றுவதா வேண்டாமா, மாற்றும் உரிமை யாருக்கு என்ற சண்டையில்தான் உடைந்தது.

இந்த மொழிகள் பரவாததற்கு நான் கண்ட காரணம் இதுவே. இவற்றை வைத்து வேலையோ வியாபாரமோ கிடைப்பதில்லை. ஏற்கெனவே பேசுகிறவர்கள் இருப்பதுதான் புதிதாக ஒருவர் சேரக் காரணம். மொழியைத் திருத்தினால் அந்தக் கூட்டம் பிளக்கிறது. திருத்தாவிட்டால் 'ன்' போன்ற இடத்தில் புதியவர்கள் நின்றுவிடுகிறார்கள். கூட்டத்தைக் காப்பாற்றிய எஸ்பெராண்டோ பிழைத்தது, ஆனால் பெருகவில்லை.

ஆகவே நண்பருக்கு: இலக்கணத்தில் இடோதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் எஸ்பெராண்டோவையே எடுங்கள், பேச ஆள் கிடைக்கும். அந்த 'ன்'-ஐ முதல் வாரத்திலிருந்தே பெயரடையோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பேச்சில் அது வரவே வராது.