உதரவிதானத்தின் கீழ்க் காற்று: எந்தப் படத்தில் தேடுவது?

மும்பை தாராவியில் தோல் பைகள் தைக்கும், பூர்விகம் திருநெல்வேலியான, 52 வயதுத் தொழிலாளி ஒருவர், முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பல மாதங்களாக வெறும் வயிற்றில் விழுங்கிவந்தார். ஒரு நாள் அதிகாலை மேல்வயிற்றில் எழுந்த வலி சில நிமிடங்களில் வயிறு முழுவதும் பரவியது. அவசரப் பிரிவுக்கு வந்தபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118. வயிறு தொட்டால் பலகையாக இறுகியிருந்தது. "அசைஞ்சாலே உசிர் போகுது டாக்டர்" என்று கூறி, கால்களை மடக்கியபடி அசையாமல் கிடந்தார். ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்கி நிற்கவைத்து உடனே எடுத்த வயிற்று எக்ஸ்ரேயில் குறிப்பிடும்படி எதுவும் தெரியவில்லை. அரைமணி நேரம் கழித்து எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், வலப்பக்க உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே மெல்லிய கருநிறப் பிறை ஒன்று இருந்தது. ஒரே நோயாளியின் இந்த இரண்டு படங்களும் ஏன் வேறுபட்டன என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில், அந்தப் பிறைக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். வயிற்றறையின் உள்ளுறையான பெரிடோனியத்தின் இரு படலங்களுக்கு இடையே இயல்பில் சிறிது ஈரப்பசை மட்டுமே உண்டு, காற்று கிடையாது. வயிற்றில் காற்று இருக்கவேண்டிய இடம் இரைப்பையும் குடலுமே. அவற்றின் சுவரில் துளை விழும்போது காற்று வெளியேறுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் உடலில் அது மேலெழுந்து, உயரமான இடமான உதரவிதானக் குவிமாடத்தின் அடியில் தங்குகிறது. இவரைப் போல வலிமாத்திரையால் புண் வந்த நோயாளிகளில் பெரும்பாலும் துளை விழுவது முன்சிறுகுடலின் முதற்பகுதியில், முன்பக்கச் சுவரில். அங்கிருந்து காற்று நேரே வயிற்றறைக்குள் வருகிறது. வலப்பக்கத்தில் அதைக் கண்டுகொள்வது எளிது. மேலே நுரையீரலின் கருமை, கீழே கசிந்த காற்றின் கருமை, நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் வெண்கோடாக உதரவிதானம், காற்றுக்கும் கீழே கல்லீரலின் வெண்மை என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். இடப்பக்கத்தில் இரைப்பையின் இயல்பான காற்றுக்குமிழி குழப்பும் என்பதால், பழகிய கண் முதலில் வலப்பக்கத்தையே பார்க்கும்.

இனி இரண்டு படங்களையும் அருகருகே வைப்போம். நின்றெடுக்கும் வயிற்றுப் படத்தில் கதிரின் மையம் தொப்புளை ஒட்டி அமைகிறது. எக்ஸ்ரே குழாய்க்கும் படத்தகட்டுக்கும் உள்ள தூரம் சுமார் 100 செ.மீ. உதரவிதானம் மையத்திலிருந்து 20 செ.மீ. மேலே இருந்தால், அங்கே கதிர் ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்து மேல்நோக்கிச் செல்கிறது. சில மில்லிமீட்டர் தடிப்புள்ள காற்றடுக்கை இப்படிச் சாய்வாகக் கடக்கும் கதிர், அதற்குள் மிகக் குறைந்த தூரமே பயணிப்பதால் நிழல் வேறுபாடு பதிவதில்லை. மார்புப் படத்தில் தூரம் 180 செ.மீ.; மையம் குவிமாடத்துக்கு அருகிலேயே உள்ளது. ஆகவே சாய்வு மூன்று டிகிரி அளவிலேயே நிற்கிறது, காற்றடுக்கை அதன் நீளவாக்கிலேயே கதிர் கடக்கிறது. முறையாக எடுத்தால் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் காற்றைக்கூட இப்படிக் காணமுடியும். கதிரளவும் ஒரு காரணம். தடித்த வயிற்றை ஊடுருவ வைத்த அளவில் உதரவிதானப் பகுதி அளவுக்குமீறிக் கறுத்துவிடுகிறது. டிஜிட்டல் கருவி இதை ஓரளவு சரிக்கட்டும், சாய்வைச் சரிக்கட்டாது. உயரமான உடலில் குவிமாடமே படத்துக்கு வெளியே வெட்டுப்பட்டுப் போவதும் உண்டு.

ஆனால் நம் நோயாளியில் வேறுபாட்டை முழுவதும் கோணத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. மார்புப் படத்துக்கு முன் அவரைக் கால்களைத் தொங்கவிட்டு, சலைன் ஓடிக்கொண்டிருக்க, பத்து நிமிடம் உட்காரவைத்திருந்தார்கள். குடல் வளையங்களின் இடுக்குகளில் சிக்கிய காற்று மேலே சேர்வதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டும். படுத்திருந்தவரை எழுப்பிய கையோடு எடுத்த முதல் படத்தில் அந்த அவகாசம் இல்லை. நெரிசலான எக்ஸ்ரே அறையில் முதலில் கைவிடப்படுவது இந்தக் காத்திருப்புதான். எந்தப் படம் சிறந்தது என்ற விவாதத்தைவிட அதற்கு நான் கூடுதல் எடை தருவேன். குடலடைப்பில் விரிந்த குடலையும் நீர்மட்டக் கோடுகளையும் காண நின்றெடுத்த வயிற்றுப் படம் உதவும். துளை என்ற ஐயத்துக்கு மார்புப் படமே முதலிடம் பெறவேண்டும்.

உட்காரக்கூட இயலாதவருக்கு மூன்றாவது வழி ஒன்று உள்ளது. இடப்பக்கம் கீழாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தினால், காற்று கல்லீரலுக்கும் வலப்பக்க வயிற்றுச் சுவருக்கும் இடையே பட்டையாகச் சேர்ந்து தெரியும். இரைப்பைக் குமிழியின் குழப்பமும் இதில் இல்லை.

ஐயமான பிறையைத் தெளிவாக்கவும் இந்தப் படம் பயன்படும். பெருங்குடலின் ஒரு வளையம் கல்லீரலுக்கு மேலே ஏறி உதரவிதானத்தின் அடியில் அமர்ந்துவிடுவது உண்டு. 1910-இல் அதை விவரித்த சிலைடிட்டியின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. உற்றுப் பார்த்தால் அந்தக் காற்றுக்குள் பெருங்குடலின் குறுக்கு மடிப்புகள் தெரியும்; கசிந்த காற்றில் மடிப்பே இருக்காது. உண்மையில் கசிந்த காற்றும் எப்போதும் துளைக்குச் சாட்சி அல்ல. சில நாட்களுக்கு முன் வயிற்று அறுவை நடந்தவரிடமும், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவரிடமும் துளை இல்லாமலேயே காற்று இருக்கலாம். அதனால் படத்தை மட்டும் நம்பாமல் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். பிறையும் பலகை வயிறும் ஒன்றாக வந்தால் தயங்க இடமில்லை. வலியில்லாத, மென்மையான வயிற்றில் பிறை தெரிந்தால் முதலில் பழைய வரலாற்றைக் கேட்கவேண்டும்.

மறுபக்கத் தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. முன்சிறுகுடல் துளைகளிலேயே ஏறத்தாழ நான்கில் ஒன்றில் சாதாரணப் படத்தில் காற்று தெரிவதில்லை. துளையை வயிற்றுக்கொழுப்புத் திரை விரைவில் மூடியிருக்கலாம். பின்பக்கச் சுவரில் இருந்தால் காற்று பெரிடோனியத்தின் பின்னாலோ இரைப்பைக்குப் பின்னுள்ள சிற்றறையிலோ அடைபடலாம். டைஃபாய்டில் சிறுகுடலின் கடைப்பகுதி துளைபடும்போது, அங்கே காற்றே குறைவு என்பதால் வெளிவருவதும் குறைவு. இங்கேதான் சி.டி. ஸ்கேன் மற்ற மூன்றையும் விஞ்சுகிறது. படத்தின் கருமை வெண்மையை நுரையீரலுக்கு ஏற்றபடி மாற்றும் சாளர அமைப்பில் பார்த்தால் சிறு குமிழிகள்கூடக் கொழுப்பிலிருந்து பிரிந்து தெரியும். துளை எந்த இடத்தில் என்பதையும் பெரும்பாலும் சுட்டிக்காட்டும். அதற்கு விலையும் உண்டு. மார்புப் படத்தைவிடக் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவரை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவதே ஆபத்து.

தாராவித் தொழிலாளிக்கு சி.டி. எடுக்கப்படவில்லை. இறுகிய வயிறும் பிறையும் சேர்ந்தபின் அது கூடுதலாகச் சொல்ல இருந்தது துளையின் இடம் மட்டுமே. அதை அறுவை மேசையில் கண்டுகொள்ளலாம் என்று பிரிவுத் தலைவர் முடிவெடுத்தார். மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பையைக் காலியாக்கி, சலைனும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து, நாடி தணிந்தபின் வயிற்றைத் திறந்தார்கள். முன்சிறுகுடலின் முன்சுவரில் சுமார் 5 மி.மீ. துளை இருந்தது. வயிற்றுக்கொழுப்புத் திரையின் ஒரு பகுதியை அதன்மேல் வைத்துத் தைத்து அடைத்து, வயிற்றறையை உப்புநீரால் கழுவினார்கள். வெளியே காத்திருந்த மனைவியிடம், முழங்கால் வலிக்கு அந்த மாத்திரையை இனி வாங்கக்கூடாது என்பதையும், இப்படிப்பட்ட புண்ணை உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் கிருமிக்கான பரிசோதனை பாக்கி இருப்பதையும் தமிழிலேயே எழுதிக் கொடுத்தனுப்பினோம்.