மூடி ஸ்குரூவும் பிறிண்ட் பெட்டியும்: இரண்டு போகத்துக்குப் பிறகு

விசுவமடுவில் தோட்டம் செய்யும் நண்பன் போன கிழமை கேட்டான்: "மச்சான், மோட்டர் ரைமருக்குப் பெட்டி ஒன்று பிறிண்ட் பண்ணப் போறன். மூடிக்கு செல்ஃப் டாப்பிங் ஸ்குரூ போதுமா, இல்லாட்டி நட்டு வைக்கிறதா?" போனில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதை இங்கே எழுதுகிறேன். ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் தாண்டி, கிணற்றடித் தகரக் கொட்டகைக்குள் இந்தப் பெட்டிகளோடுதான் எனக்குப் பாடு. 3டி பிறிண்டர் பற்றியும் ரைமர், ரிலே பற்றியும் எல்லோருக்கும் தெரியும். நான் பேசப்போவது மூடியின் நான்கு மூலையிலும் ஸ்குரூ இறங்குகிற அந்தச் சின்னத் தூண்களைப் பற்றி மட்டும்தான்.

முதல் பெட்டி ஒரு கடையில் பிறிண்ட் செய்து வாங்கியது. பிறிண்டில் குறை சொல்ல முடியாது. சுவர் நேராக இருந்தது, மூடி அளவாக உட்கார்ந்தது. ஆனால் தூணின் வெளிவிட்டம் 5 மில்லிமீற்றர், துளை 2.5. ஸ்குரூ, தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் 2.9 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரணத் தகர ஸ்குரூ, ஹார்ட்வெயார் கடையில் 4ஆம் நம்பர் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். பூட்டும்போது எல்லாம் நன்றாக இருந்தது. சில நாளில் ஒரு தூணில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு தெரிந்தது. அடுத்த தடவை மூடியைக் கழற்றியபோது அந்தத் தூண் இரண்டாகப் பிளந்து கையில் வந்தது. கடையில் காட்டினேன். "வரைபடத்தில் இருக்கிற அளவுதான் அண்ணை, சரியாத்தான் இருக்கு" என்றார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வரைபடத்து அளவு சரிதான். ஆனால் பிளாஸ்ரிக்கில் விழுந்த துளை அந்த அளவு இல்லை.

2.5 டிரில் பிற்றின் வால் பக்கத்தை அந்தத் துளையில் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் போகாது. உருக்கி இழுத்துப் போடும் பிறிண்டர்களில் சின்னத் துளை எப்போதும் வரைந்ததைவிடச் சிறிதாகத்தான் வரும். வட்டத்தை நேர்கோட்டுத் துண்டுகளாகப் போடுவதும், சூடான இழை வளைவின் உட்பக்கத்துக்கு இழுபடுவதும், ஆறும்போது சுருங்குவதும் சேர்ந்து 0.1 முதல் 0.3 வரை தின்றுவிடும். 2.5 என்று வரைந்தது 2.3 ஆக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.9 ஸ்குரூவின் மரைக்கு அடியில் உள்ள தண்டே ஏறத்தாழ 2.2 இருக்கும். அப்படியானால் மரை முழு ஆழத்துக்கும் பிளாஸ்ரிக்கைக் கிழித்து ஒதுக்க வேண்டும். ஒதுங்கிய பிளாஸ்ரிக் எங்கே போகும்? தூணை வெளிப்பக்கமாகத் தள்ளும்.

தள்ளுகிறது என்றால் சுவர் தாங்க வேண்டும். அங்கேதான் இரண்டாவது கோளாறு. வெளிவிட்டம் 5, துளை 2.5 என்றால் சுவர் 1.25. 0.4 நொசில் போடும் கோட்டின் அகலம் 0.45 அளவில் இருக்கும். 1.25க்குள் முழுக்கோடுகள் இரண்டுதான் அடங்கும். மிச்சம் 0.35 நடுவில் இடைவெளியாகவோ, ஒட்டியும் ஒட்டாத மெல்லிய நெளிவாகவோ கிடக்கும். வரைபடத்தைப் பிறிண்டர் போடும் கோடுகளாக மாற்றித் தரும் மென்பொருளான சிலைசர்கள் இப்போது கோட்டின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து இதை ஓரளவு நிரப்புகின்றன, ஆனாலும் கணக்கு மாறாது. மரை ஒரு பக்கம் 0.3 ஆழம் வெட்டுகிறது, உள்கோட்டின் அகலமே 0.45. அந்தக் கோட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத் தூணைக் கட்டிப் பிடித்திருப்பது வெளியே உள்ள ஒரே ஒரு கோடு. பெட்டி பூட்டிய அன்று அது தாங்கும். ஆனால் ஸ்குரூ உள்ளே இருக்கும் வரை அந்த இழுவை நிற்காது, அதனால்தான் பிளப்பு நாள் கழித்து வருகிறது.

நான் பிறகு எடுத்த அளவு இது: துளையைச் சுற்றி ஐந்து கோடு, 5 × 0.45 = 2.25. பிறிண்டில் 2.4 முதல் 2.5 வரை வரவேண்டிய துளையோடு சேர்த்தால் வெளிவிட்டம் 7 மில்லிமீற்றர். ஸ்குரூ விட்டத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு என்று அச்சு வார்ப்புக்காரர்கள் வைத்திருக்கும் கணக்குக்குள்தான் இதுவும் வருகிறது. வார்ப்பில் தூணைத் தடிப்பாக வைத்தால் வெளிச்சுவரில் குழி விழும் என்று பயந்து மெலிதாக்குவார்கள். பிறிண்டில் அந்தப் பயம் இல்லை. அதனால் வார்ப்புப் பெட்டியைப் பார்த்து மெல்லிய தூண் வரையத் தேவையே இல்லை, தாராளமாகத் தடிப்பு வையுங்கள். சிலைசரில் `Wall Line Count` ஐந்தாக இருந்தால் தூண் முழுக்கக் கோடாகவே வரும், இடையில் வலைநிரப்பு வராது. தூணைத் தனியாக நிறுத்தாமல் பெட்டிச் சுவரோடு ஒரு சிறு முட்டு வைத்து இணைப்பதும் நல்லது.

துளை அளவுக்கு ஒரே ஒரு சரியான எண் இல்லை. பிறிண்டருக்கும் பிளாஸ்ரிக் றோலுக்கும் ஏற்ப மாறும். பிளாஸ்ரிக்குக்கென்றே வரும் மெல்லிய மரை ஸ்குரூவுக்கு விட்டத்தில் 0.8 மடங்கு என்று தொடங்குவார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும் தகர ஸ்குரூவின் மரை அகலமானது, பக்கவாட்டில் கூடத் தள்ளும். அதற்கு 0.83, 0.85 மடங்கு எடுப்பது பாதுகாப்பு. கணக்கோடு நிற்காமல் ஒரு சோதனைக் கட்டை போட்டுவிடுங்கள்:

```
translate([-6, -6, -2]) cube([72, 12, 2.1]);
for (i = [0:5])
  translate([i*12, 0, 0])
    difference() {
      cylinder(d = 7, h = 14, $fn = 64);
      translate([0, 0, 2])
        cylinder(d = 2.3 + i*0.1, h = 13, $fn = 64);
    }
```

`OpenSCAD` என்ற வரைபட மென்பொருளில் இது 2.3 முதல் 2.8 வரை ஆறு தூண் தரும். பெட்டிக்கு எந்த றோலோ அதே றோலில், அதே சிலைசர் அமைப்பில் போடுங்கள். எந்தத் துளை எந்த அளவு என்று பேனையால் அடித்தட்டில் எழுதிவிட்டு, கை ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றிலும் இறக்குங்கள். மின்சார டிரில்லில் வேகமாகச் சுற்றினால் பிளாஸ்ரிக் உருகி மரை வழுக்கிவிடும், சோதனையும் பொய்யாகும். இறக்கும்போது முழுவதும் ஒரே சீரான எதிர்ப்பு வேண்டும். தலை உட்கார்ந்த பின் இறுக்கினால் கை நிற்க வேண்டும். இறக்கும்போதே கை நோகிறது என்றால் துளை சிறிது. உட்கார்ந்த பின்னும் மெல்லச் சுற்றிக்கொண்டே போகிறது, கழற்றினால் மரையில் பிளாஸ்ரிக் தும்பு சுற்றியிருக்கிறது என்றால் துளை பெரிது. நல்லதாகத் தெரிந்தவற்றை ஸ்குரூவோடு சில நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பாருங்கள். என் பிறிண்டரில் 2.6 என்று வரைந்த துளைதான் தேறியது.

வெடிப்பு எந்தப் பக்கமாகப் போகிறது என்பதைப் பார்த்தே காரணம் சொல்லலாம். தூணில் நெடுக்காக வெடித்தால் துளை சிறிது அல்லது சுவர் மெலிது. குறுக்காக, வட்டமாக வெடித்துத் தூண் தொப்பி மாதிரிக் கழன்று வந்தால் அது வேறு கதை. நிமிர்ந்து நிற்கும் தூணில் அடுக்குக்கு அடுக்கு உள்ள ஒட்டுத்தான் பலவீனம். இறுக்கும் இழுவை அந்த ஒட்டைத்தான் பிரிக்கப் பார்க்கும். பெரும்பாலும் ஸ்குரூவின் நுனி துளையின் அடியில் போய் முட்டியிருக்கும், முட்டிய பிறகும் சுற்றினால் அடுக்கு பிரியும். 12 மில்லிமீற்றர் ஸ்குரூ, 3 மில்லிமீற்றர் மூடி என்றால் தூணுக்குள் 9 இறங்கும். துளையை 11க்குக் குறையாமல் வையுங்கள். கூர் நுனி பிடிக்காது என்பதால் உண்மையில் பிடிக்கும் நீளம் 7 அளவுதான், அது போதும். மூடியில் உள்ள துளை ஸ்குரூ தாராளமாகப் போய்வர 3.3, 3.4 இருக்க வேண்டும். மூடியிலும் மரை பிடித்தால் மூடி கீழே இறுகாது, இடையில் நூல் அளவு வெளி நிற்கும், எறும்புக்கு அது போதும்.

இனி வெயில். பி.எல்.ஏ. பிளாஸ்ரிக் 60 பாகை அளவில் இளகத் தொடங்கும். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழ், மூடிய பெட்டிக்குள், ரிலேயின் சூடும் சேர்ந்தால் அந்த எல்லை தூரமில்லை. அங்கே தூண் வெடிக்காது. மரை பிடித்த இடம் மெல்ல விட்டுக்கொடுக்கும், மூடி ஆடும். ஆடுகிறதே என்று இன்னொரு சுற்று இறுக்கினால் மரை போச்சு. பி.ஈ.ரி.ஜி. 80 பாகை வரை நிற்கும், வளைந்துகொடுக்கும், நெடுக்கு வெடிப்பும் அதில் குறைவு. 7 மில்லிமீற்றர் தூண், பி.ஈ.ரி.ஜி., 2.6 துளை. இந்தப் பெட்டி சோளகக் காற்றிலும் புழுதியிலும் ஒரு தூண்கூட வெடிக்காமல் நிற்கிறது. இவ்வளவு மலிவான ஒரு ஸ்குரூ இப்படி நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, மனமார மெச்சுகிறேன். தடித்த சுவரால் இன்னொரு நன்மை: மரை போன துளையில் அடுத்த தடிப்பான 3.5 ஸ்குரூவை (6ஆம் நம்பர்) நேரே இறக்கலாம், சுவரில் இன்னும் 1.75 மில்லிமீற்றர் மிச்சம் இருக்கும். 5 மில்லிமீற்றர் தூணில் அதை நினைக்கவும் முடியாது.

ஆனால் எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது ஒன்று உண்டு. கழற்றிய ஸ்குரூவைத் திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்ற வேண்டும். பழைய மரையின் வாயில் ஸ்குரூ 'டக்' என்று ஒரு சொட்டு இறங்கும். அது இறங்கிய பிறகே வலப்பக்கம் சுற்ற வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஸ்குரூ பழைய மரைக்குக் குறுக்கே புது மரை வெட்டும். இரண்டு மூன்று முறை அப்படி வெட்டினால் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. நான் ஒருவனே திறந்தால் பிரச்சினை இல்லை. ரைமர் நேரம் மாற்ற, பியூஸ் பார்க்க, தண்ணீர் முறைக்கு வருகிற எல்லோரும் திறக்கிறார்கள். நேரே வைத்து அமுக்கிச் சுற்றுகிறார்கள். ஸ்குரூ புழுதியில் விழுந்து தொலைந்தால், வீட்டில் கிடக்கும் கூம்புத் தலை மர ஸ்குரூவைப் போடுகிறார்கள். அதன் தலை ஆப்பு மாதிரி இறங்கி மூடியையே பிளக்கும். அவர்களில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருட்டில், டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு மூடி பூட்டுகிற ஒருவர் 'டக்' சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற மூடி அந்த வேலைக்கு உரியதல்ல.

அதனால்தான், என் பெட்டியை மெச்சிக்கொண்டே, விசுவமடுக்காரனுக்கு "போடாதை" என்றேன். அவன் கிணற்றில் மூன்று குடும்பம் தண்ணீர் எடுக்கிறது, மூடி கிழமைக்கு ஒரு தடவையாவது திறக்கும். அவன் மூடிக்கு 3 மில்லிமீற்றர் மரைப் போல்ற்றும், தூணின் பக்கத்தில் நட்டு நுழைகிற ஒரு வெட்டும் போதும். நட்டின் தட்டைப் பக்கங்களுக்கு இடையே 5.5, தடிப்பு 2.4. வெட்டை அதைவிடச் சற்றுத் தாராளமாக வைக்கச் சொன்னேன். நட்டைச் சுற்றிச் சுவர் வேண்டும் என்பதால் தூண் 10 மில்லிமீற்றர் ஆகும். உள்ளே ரிலே பலகையைப் பிடிக்கிற நான்கு ஸ்குரூவும் செல்ஃப் டாப்பிங்காகவே இருக்கட்டும், அதை யாரும் கழற்றப் போவதில்லை.